விண்ணப்ப உதவி மேசை நடத்துவது எப்படி: வலைதளத்தைத் திறக்கும் முன்பே முடிய வேண்டிய வேலை

பெரியவர்களுக்கும் கிராமத்து மக்களுக்கும் அரசு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்க ஒரு மேசை போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தேடுவது மடிக்கணினியும் இணைய இணைப்பும்தான். இரண்டும் வேண்டும், சரி. ஆனால் விண்ணப்பம் திரும்பி வருவதற்குத் தட்டச்சு காரணமாக இருப்பது குறைவு. அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர், இறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர் என்று இருந்தால், எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்தாலும் அது திரும்பித்தான் வரும். அதனால் தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பாட்டை முன்னதாகவே பிடிப்பதுதான் மேசையின் முதல் வேலை. இந்த வழிகாட்டியிலும் அதற்குத்தான் அதிக இடம்.

மேசையை அமைத்தல்

வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். நாள் மாறிக்கொண்டே இருந்தால் பெரியவர்கள் வரமாட்டார்கள். நூலகமோ பள்ளித் தாழ்வாரமோ போதும். படி ஏறாமல் வரக்கூடிய இடமாகப் பாருங்கள். நாற்காலிகளை எதிரெதிராகப் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். திரையில் என்ன நடக்கிறது என்று வந்தவருக்கும் தெரிய வேண்டும். காத்திருப்பவர்கள் பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்காரட்டும். கணவர் இறந்த விவரம், கடன், பிள்ளைகளோடு மனத்தாங்கல் எல்லாம் இந்த மேசையில் பேச்சில் வரும்.

ஆள் இருவர் வேண்டும். ஒருவர் தாள்களைப் பார்ப்பவர், இன்னொருவர் தட்டச்சு செய்பவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பிழை நுழையும், ஏனென்றால் தான் படித்ததையே தான் எழுதும்போது சரிபார்க்க இன்னொரு கண் இருக்காது. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் அரை நாளில் ஐந்தாறு பேரைத்தான் பார்க்க முடியும். அதற்கு மேல் வருபவர்களுக்கு அடுத்த வாரத்துக்கு டோக்கன் கொடுங்கள். அவசரமாகப் பத்துப் பேருக்கு நிரப்பினால் அதில் சிலர் அதே வேலைக்குத் திரும்பி வருவார்கள்.

அச்சு இயந்திரம், தடித்த கறுப்பு மார்க்கர், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைகள், ஒரு கோடு போட்ட நோட்டு, இரண்டு மூன்று அளவில் வாசிப்புக் கண்ணாடி. கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று சொல்பவர்களில் சிலருக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் பேச்சு

வந்தவர் ஒரு விண்ணப்பத்தின் பெயரைச் சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு தளத்தைத் திறக்காதீர்கள். "இது எதுக்கு வேணும்மா, யார் கேட்டாங்க, எப்பக்குள்ள கேட்டாங்க?" என்று கேளுங்கள். வருமானச் சான்று வேண்டும் என்று வந்தவருக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறாக இருக்கலாம். யாரோ ஒரு அலுவலக வாசலில் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்திருப்பார்.

அடுத்த கேள்வி: "இதுக்கு முன்னாடி போட்டீங்களா? உங்களுக்காக வேற யாராவது போட்டாங்களா?" ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பம் போனால் பல அலுவலகங்களில் இரண்டுமே நின்றுவிடும். பெரியவர்கள் இதை மறைப்பதில்லை, விண்ணப்பம் போட்டது என்றால் என்னவென்றே அவர்களுக்குச் சில நேரம் தெரிந்திருக்காது. பேரன் போனில் ஏதோ தட்டினான் என்பார்கள். அதுதான் விண்ணப்பம்.

பிறகு பையிலிருந்து எல்லாத் தாளையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். தேவையானதை மட்டும் கேட்டால், மூன்று மாதம் முன்பு வந்த நிராகரிப்புக் கடிதம் பையிலேயே கிடக்கும். அதில் காரணம் எழுதியிருக்கும். அசல், நகல் என்று பிரித்து மேசையில் பரப்புங்கள். அசல் எதையும் மேசையில் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு நாளைக்குக் கூட.

ஒப்பீட்டுத் தாள்

ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் ஒவ்வொரு ஆவணத்தின் பெயர். மேலே ஐந்து தலைப்பு: தமிழில் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி. ஒருவர் எழுத்தெழுத்தாகப் படிக்க, மற்றவர் எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சரியான பெயரை எழுதாதீர்கள். தாளில் என்ன இருக்கிறதோ அதையே, புள்ளியும் இடைவெளியும் உட்பட, எழுதுங்கள். முடித்ததும் படித்தவரும் எழுதியவரும் இடம் மாறி இன்னொரு முறை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார், இறந்துவிட்டார். மனைவி அதன் தொடர்ச்சியாகத் தனக்கு வர வேண்டிய ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வருகிறார். கட்டத்தை நிரப்பினால் இப்படி வருகிறது:

அடையாள அட்டையில் `K LAKSHMI`, பிறந்த தேதி 01.01.1952, பழைய முகவரி.
வங்கிப் புத்தகத்தில் `LATCHUMI K`, புதிய முகவரி.
திருமணச் சான்றில் `M LAKSHMI`, கணவர் பெயர் `S KANNAIYAN`.
கணவரின் ஓய்வூதிய ஆணையில் `S KANNAIYAN`.
இறப்புச் சான்றிதழில் `KANNAN S`.

இப்படிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் எல்லா முரண்பாடும் ஒரே எடை இல்லை. இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை யார் அல்லது எது ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறது?

`K` முன்னால் வருவதும் பின்னால் வருவதும் பெரும்பாலும் ஒரு மனிதர் பார்த்துப் புரிந்துகொள்ளும் விஷயம். கல்யாணத்துக்கு முன் தந்தையின் `M`, பின் கணவரின் `K` என்பதும் திருமணச் சான்றைப் பார்த்தாலே விளங்கும். பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் பதற வேண்டாம். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்குப் பதிவில் அப்படிப் போடுவது பல இடங்களில் உள்ள வழக்கம். எல்லாத் தாளிலும் அதே தேதி இருந்தால் போதும்.

`LAKSHMI`, `LATCHUMI` விஷயம் வேறு. வங்கிக்குப் பணம் அனுப்பும்போது அடையாள அட்டைப் பெயரையும் கணக்குப் பெயரையும் ஒப்பிடுவது பல இடங்களில் ஒரு மென்பொருள். இரண்டும் ஒரே பெயர்தான் என்று அதற்குத் தெரியாது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வராமல் நிற்கும். இந்த வகைத் தடை கண்டுபிடிக்கவே கஷ்டமானது, ஏனென்றால் கேட்கிற இடத்திலெல்லாம் "அனுமதி கொடுத்தாச்சு" என்றுதான் பதில் வரும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது கணவர் பெயர். ஓய்வூதியம் வாங்கியவர் கண்ணையன், இறந்தவர் கண்ணன். இந்த விண்ணப்பத்தின் உயிரே, ஓய்வூதியம் வாங்கியவர் இறந்துவிட்டார், அவருடைய மனைவி நான் என்று காட்டுவதுதான். அந்த இணைப்பு இங்கே அறுந்திருக்கிறது. அந்த அம்மாவின் சொந்தத் தாள்களை எவ்வளவு திருத்தினாலும் இது ஒட்டாது. பெயர்ப் பிழை என்றாலே விண்ணப்பதாரரின் பெயரை மட்டும் பார்ப்பது மேசையில் உட்காருபவர்களின் பொதுவான பழக்கம். இரண்டு பேரை இணைக்கும் விண்ணப்பங்களில் இணைக்கும் தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எதை முதலில் திருத்துவது

எவ்வளவு குறைவான ஆவணங்களைத் திருத்த முடியுமோ அவ்வளவு குறைவாகத் திருத்த வேண்டும். ஒன்றை நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது அடையாள அட்டை. மற்றவை அதற்குப் பொருந்தும்படி மாறட்டும். நம் உதாரணத்தில் வங்கிப் பெயரை அடையாள அட்டையைக் காட்டி மாற்றச் சொல்வதுதான் எளிது.

கணவர் பெயருக்கு, இறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் திருத்த மனு. ஓய்வூதிய ஆணையும் திருமணச் சான்றும் ஒரே பெயரைச் சொல்வதால் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சில அலுவலகங்கள் "இரண்டு பெயரும் ஒரே நபருடையது" என்ற உறுதிமொழிப் பத்திரத்தையே ஏற்கும். அப்படி ஏற்பார்களா என்று பத்திரம் தயாரிக்கும் முன்பே, யாரிடம் சமர்ப்பிக்கப் போகிறோமோ அந்த அலுவலகத்தில் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில்.

முகவரியில் ஒரு சுழல் மாட்டும். வங்கி புதிய முகவரிக்கு அடையாள அட்டை கேட்கும், அடையாள அட்டை அலுவலகம் புதிய முகவரிக்கு வங்கிப் புத்தகம் கேட்கும். மூன்றாவதாக ஒரு தாளைக் கொண்டுதான் இதை உடைக்க முடியும்: மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், உள்ளாட்சி அலுவலகக் கடிதம். இரு அலுவலகங்களின் ஆவணப் பட்டியலையும் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால் பொதுவாக ஏற்கப்படும் தாள் ஒன்று கண்ணில் படும். அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் ஏற்கெனவே புதிய முகவரி இருப்பதால் அவருக்கு இந்தச் சுழல் இல்லை, புத்தகத்தில் பெயரைத் திருத்திய பிறகு அதைக் கொண்டே அட்டையை மாற்றலாம்.

பிறந்த தேதியை மட்டும் எளிதில் தொடாதீர்கள். ஒரு தாளில் "சரியான" தேதிக்கு மாற்றினால் மற்ற அத்தனைத் தாளும் தவறாகிவிடும். வயதை வைத்துக் கணக்கிடப்படும் பலன்களும் அசையும்.

திருத்தத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருந்தால் காத்திருக்காமல், "இந்தப் பெயர்ப் பிழைக்குத் திருத்த மனு கொடுத்திருக்கிறேன், அதன் ரசீது இணைப்பில்" என்று ஒரு கடிதத்தோடு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். தாமதம் என்று நிராகரிக்கப்பட்டால் மீட்பது கஷ்டம், விளக்கம் கேட்டு நிறுத்தப்பட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

நகல் எடுத்தல்

கைபேசி கேமராவே போதும். ஜன்னல் அருகே பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். லேமினேட் செய்த அட்டையில் ஃபிளாஷ் பட்டால் சரியாக எண் இருக்கும் இடம்தான் வெள்ளையாகிவிடும். நான்கு மூலையும் தெரிய வேண்டும். மடிந்த தாளின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தால் சமமாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதைப் பயன்படுத்தாதீர்கள்.

தளம் கோப்பின் அளவை 200 கேபி என்று கட்டுப்படுத்தினால், முதலில் ஓரத்தை வெட்டுங்கள், அப்புறம் வண்ணம் தேவையில்லை என்றால் கறுப்பு வெள்ளைச் சாயலுக்கு மாற்றுங்கள், கடைசியாகத்தான் தரத்தைக் குறையுங்கள். ஏ4 தாள் 200 டிபிஐ தரத்தில் சுமார் 1650க்கு 2340 புள்ளிகள், படிக்க அது தாராளம். பதிவேற்றும் முன் கோப்பைத் திறந்து பெரிதாக்கி, தாளிலேயே மிகச் சிறிய எண்ணைப் படித்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதிகாரியாலும் முடியாது. கோப்பின் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம், `lakshmi_id.pdf` போல இருக்கட்டும். சில தளங்கள் காரணம் சொல்லாமலே மறுக்கும்.

நிரப்புதல்

படிவத்தை முதலில் தாளில் நிரப்புங்கள். தளம் சிறிது நேரம் சும்மா இருந்தால் வெளியேற்றிவிடும், பாட்டி பையில் தாள் தேடும் நேரத்துக்கு அது காத்திருக்காது. உலாவியில் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் புதிய தனிப்பட்ட சாளரத்தைத் திறங்கள். இல்லாவிட்டால் காலையில் வந்தவரின் முகவரி மதியம் வந்தவரின் விண்ணப்பத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். தளத்தின் முகவரியைத் தேடுபொறியில் தேடாமல் அரசு அறிவிப்பிலிருந்து எடுத்துச் சேமித்து வையுங்கள். தேடலில் மேலே வருவது பணம் பிடுங்கும் போலித் தளமாக இருக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்வதென்றால் யூனிகோடு மட்டுமே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டினால் உங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தது அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டால் தலைப்பெழுத்தை எங்கே போட்டீர்கள் என்பதை ஒப்பீட்டுத் தாளில் குறித்து வையுங்கள், அடுத்த விண்ணப்பத்திலும் அப்படியே போக வேண்டும்.

கைபேசி எண்தான் அடுத்த கண்ணி. உங்கள் எண்ணைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். இன்று அது உதவி. ஆறு மாதம் கழித்து ஓடிபி உங்களுக்கு வரும், நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள். ஓடிபி குறுஞ்செய்தியாக வர சாதாரண பட்டன் போன் போதும். வெளியூரில் உள்ள மகனின் எண் என்றால், முன்கூட்டியே அவரை அழைத்து அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் ஓடிபி காலாவதியாகும். இனிமேல் அலுவலகத்திலிருந்து வரும் எல்லாச் செய்தியும் தனக்குத்தான் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், மேசையில் பிரதி வேண்டாம்.

விரல்ரேகை கேட்கும் இடங்களில் உழைத்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் பல நேரம் ஏற்காது. கையைக் கழுவி, லேசாக ஈரப்படுத்தி, வேறு விரல்களை முயலுங்கள். பிடிக்கவில்லையென்றால் கண் ரேகை, முகம், ஓடிபி என்று மாற்று வழி உண்டா என்று கேளுங்கள்.

உறுதிமொழிக் கட்டத்தில் குறி போடும் முன் அதைச் சத்தமாகப் படித்து, எளிய சொற்களில் விளக்கி, பிறகு அவரையே சொல்லச் சொல்லுங்கள்: "பாட்டி, இப்ப நீங்க எதுக்கு ஒத்துக்கிறீங்க, சொல்லுங்க?" "வேற பென்சன் எதுவும் எனக்கு வரலன்னு" என்று பதில் வந்தால் சரி. "உங்களுக்குத் தெரியும் தம்பி, நீங்களே போட்டுடுங்க" என்றால் இன்னொரு முறை விளக்க வேண்டும். வேறு ஓய்வூதியம் வருகிறது என்பது பல நேரம் இந்த இடத்தில்தான் தெரியவரும்.

சமர்ப்பித்த பிறகு

திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வருவது வேறு, "சமர்ப்பிக்கப்பட்டது" என்று வருவது வேறு. ஒப்புகை எண் கிடைத்தால்தான் விண்ணப்பம் போனது. பணம் செலுத்தும்போது கணக்கில் கழிந்து தளத்தில் ஏறவில்லை என்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள், நிலையைப் பார்த்து ஒரு நாள் பொறுங்கள்.

ஒப்புகையை இரண்டு பிரதி அச்சிட்டு ஒன்றை உறையின் உள்ளே, இன்னொன்றைத் தனியாகக் கொடுங்கள். உறையின் மேல் மார்க்கரால் எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். உங்கள் நோட்டில் பெயர், விண்ணப்ப வகை, ஒப்புகை எண், இன்றைய தேதி, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. அவ்வளவே. அடையாள அட்டை எண்ணும் வங்கி எண்ணும் நோட்டில் இருக்கக் கூடாது. மேசையை மூடும்போது பதிவிறக்கக் கோப்புறை, குப்பைத்தொட்டி, படம் எடுத்த கைபேசியின் கேலரி, அது தானாக அனுப்பி வைத்த மேகச் சேமிப்பு என எல்லா இடத்திலும் நகல்களை அழித்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள்.

அடுத்த வாரம் மேசையைத் திறந்ததும் புதியவர்களைக் கூப்பிடும் முன் நோட்டில் தேதி வந்தவற்றின் நிலையைப் பாருங்கள். "விளக்கம் கேட்கப்பட்டுள்ளது" என்றிருந்தால் அதற்குப் பதில் சொல்லக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிராகரிப்பு வந்தால் காரணத்தைப் பாருங்கள். தாள் குறை என்றால் மீண்டும் போடலாம். தகுதி இல்லை என்றால் விதியை அச்சிட்டு வரி வரியாகப் பார்த்து, தவறாகச் சொல்லியிருந்தால் மேல்முறையீடு. காரணமே இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது அதன் அஞ்சல் முத்திரைத் தேதி கைகொடுக்கும்.

மேசை செய்யாத வேலைகள்

மற்றவருக்காகக் கையெழுத்துப் போடுவதில்லை. பணத்தைக் கையில் வாங்குவதில்லை. தெரிந்தே தவறான தகவலை நிரப்புவதில்லை. இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் ஒவ்வொருவரிடமும் வாதாட வேண்டியதில்லை. சொத்து, வாரிசுத் தகராறு என்றால் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. பெரியவர் வாயே திறக்காமல் கூட வந்தவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், அதுவும் ஓய்வூதியம் போகும் வங்கிக் கணக்கையோ கைபேசி எண்ணையோ மாற்றும் விண்ணப்பம் என்றால், கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "நகல் ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க" என்று கூட வந்தவரை அனுப்பிவிட்டுப் பெரியவரிடம் தனியாகக் கேளுங்கள்: பணம் இனி யார் கணக்குக்குப் போகும் என்று தெரியுமா, அது உங்களுக்குச் சம்மதமா? பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். வங்கிக்கு நடக்க முடியவில்லை, மகள் எடுத்துக் கொடுப்பாள் என்பார்கள். பதில் தயங்கி வந்தால் அன்றைக்கு அந்த விண்ணப்பத்தை முடிக்காதீர்கள். ஒரு தாள் குறைகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி, அதற்குள் கணக்கை மாற்றாமலே வேறு ஆள் பணம் எடுத்துத் தரும் அதிகாரக் கடித வசதி அவருடைய வங்கியில் உண்டா என்று விசாரித்து வையுங்கள்.